தேதி இல்லாத தாள்

எனக்கும் அந்தத் தம்பிக்கும் நடந்த பேச்சு 45 நிமிடம் நீண்டது. கணுக்கால் சுளுக்கிய அவர் ஆட்டத்துக்குத் திரும்ப எந்தெந்தப் படிகளை ஏற வேண்டும் என்று அதிலிருந்து எழுதிக் கொடுத்த தாள் ஒரே ஒரு பக்கம். அந்த 45 நிமிடத்தில் எது தாளுக்குப் போனது, எது போகவில்லை, போனது எந்த வடிவில் போனது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன். இராமநாதபுரத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் எனக்கு, ஆட்டக்காரர்கள் மருத்துவமனையை விட்டு வெளியே போனதும் நான் சொன்னதில் பாதியை மறந்துவிடுகிறார்கள் என்பது பழகிப்போன உண்மை. மீதிப் பாதியை அவர்களுடைய பயிற்சியாளரோ மாமாவோ மாற்றிவிடுகிறார். மாறாமல் நிற்பது எழுதிக் கொடுத்தது மட்டுமே.

தம்பிக்கு வயது 23. மண்டபம் பக்கத்துக் கடலோரக் கிராமம். விசைப்படகில் வேலை செய்பவர். ஊர்க் கபடி அணியில் ரைடர், எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த இரண்டு மாதம்தான் எங்கள் கடற்கரைப் பையன்கள் மின்னொளியில் இரவிரவாகக் கபடி ஆடும் காலம். எனக்குக் கணுக்கால்களும் முழங்கால்களும் வந்து சேரும் காலமும் அதுதான். மே 11 இரவு அடிபட்டு, மே 16 காலை என்னிடம் வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டார்: "சார், ஜூன் 7 செமி ஃபைனல். இறங்கிரலாம்ல?"

நான் பதில் சொல்லவில்லை. எப்படி அடிபட்டது என்று கேட்டேன். வலது காலை நீட்டி விரல்நுனியால் எதிராளியைத் தொடும் டோ டச் எடுக்கப் போனபோது, மூலையில் நின்று பிடிக்கும் கார்னர் ஆட்டக்காரர் அந்தக் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். தம்பி இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுப் பக்கம் திரும்ப, பாதம் கீழ்நோக்கி நீண்டு உட்பக்கமாக மடங்கியிருக்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். அதற்கு மேல் ஆட முடியவில்லை. ஆனால் நொண்டியபடியே தானாக நடந்து வெளியே வந்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் வெளிக்கணு முட்டை அளவுக்கு வீங்கியிருக்கிறது. மறுநாள் ஊரில் ஒரு பெரியவர் எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழித்திருக்கிறார்; வீக்கம் இன்னும் கூடியிருக்கிறது. புதிதாகக் கிழிந்த நாரைச் சுற்றி அழுத்தித் தேய்த்தால் வேறென்ன நடக்கும் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைத் தாளில் எழுதிப் பயனில்லை என்பதால் வாயால் மட்டும் சொன்னேன்.

அடுத்து எலும்பு. உள்கணு, வெளிக்கணு ஆகிய இரண்டின் பின்விளிம்பிலும் நுனியிலும், கீழிருந்து 6 செ.மீ. உயரம் வரை அழுத்திப் பார்த்தேன். எலும்பின் மேல் வலி இல்லை. பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் மேட்டிலும், உட்பக்க வளைவின் மேலுள்ள எலும்பிலும் வலி இல்லை. அடிபட்டவுடனும் சரி, என் அறையிலும் சரி, நான்கு அடி எடுத்து வைக்க முடிந்திருக்கிறது. 1992இல் கனடாவில் உருவான ஒட்டாவா விதிகள் கேட்பவை இவைதான். இந்த இடங்களில் எலும்பின் மேல் வலியில்லாமல், நான்கு அடியும் வைக்க முடிந்தால் எலும்பு முறிந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, எக்ஸ்ரே தேவையில்லை. கெண்டை மட்டத்தில் இரண்டு எலும்புகளையும் சேர்த்து அழுத்தியபோதும், பாதத்தை வெளிப்பக்கம் திருப்பியபோதும் கணுவுக்கு மேலே வலி வரவில்லை; ஆகவே அங்கே அந்த இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் இணைப்பு கிழிந்திருக்க வாய்ப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன். அது கிழிந்திருந்தால் கணக்கே வேறு, வாரங்கள் இரட்டிக்கும். கடைசியாகக் குதிகாலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தேன். வலது கால் இடது காலைவிடத் தெளிவாக அதிகம் நகர்ந்தது, ஆனால் ஒரு கட்டத்தில் நின்றது. அடிபட்ட முதல் இரண்டு நாளில் இந்தச் சோதனை பெரும்பாலும் ஏமாற்றிவிடும். வீக்கமும் வலியால் இறுகிய தசையும் நகர்வை மறைத்துவிடும். ஐந்தாம் நாளில் வந்தது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாயிற்று. வெளிக்கணுவின் முன்பக்க லிகமெண்ட் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது, முழுதாக அறுந்துவிடவில்லை என்பது என் கணிப்பு.

இவ்வளவும் எனக்கான குறிப்பேட்டுக்குப் போயின. தாளுக்குப் போனவை அவர் வாயிலிருந்து தற்செயலாக வந்த வேறு மூன்று செய்திகள்.

முதலாவது, இதே கால் இரண்டு ஆண்டுக்கு முன்பும் மடங்கியிருக்கிறது. "அப்ப ஒரு வாரத்துல சரியாப் போச்சு சார், நானே இறங்கிட்டேன்," என்றார். அதன் பிறகு எப்போதாவது மணலில் நடக்கும்போது கால் 'நழுவும்' என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே தாளில் ஒரு முழுப் படி கூடியது. வலி போன பின்னும் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே உணரும் திறன் திரும்பியிருக்காது. வெளிப்பக்கக் கெண்டைத் தசை சற்றுத் தாமதமாக விழித்துக்கொள்ளும். அந்தத் தாமதத்துக்குள் கால் மடங்கிவிடும். வலி நின்ற நாளை ஆட்ட நாளாகக் கொண்டதால்தான் இந்த இரண்டாவது கிழிசல் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, ஜூன் 15 அதிகாலை படகு கடலுக்குப் போகிறது. அவர் போகாவிட்டால் அவருடைய பங்கு வேறொருவருக்குப் போய்விடும். செமி ஃபைனலைவிட இதுதான் அவர் வீட்டுக்கு முக்கியம். அவர் அம்மா வாசலில் நின்று கேட்டதும் இதைத்தான். எந்தப் பாடநூலிலும் கால் சுளுக்கிய ஆட்டக்காரருக்கு ஈரமான, ஆடும் பலகைத்தளத்தில் இரவு முழுக்க நின்று வலை இழுக்கும் படி ஒன்று இருக்காது. இவருடைய தாளில் அது இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, போட்டி நாளில் வலி ஊசி போட்டு இறங்குவது அவர்கள் அணியில் வழக்கம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, வசதியாகத்தான் சொன்னார். ஆகவே தாளின் முதல் வரியே இப்படி அமைந்தது: "எந்தச் சோதனை செய்வதாக இருந்தாலும் அன்றும் முந்தைய நாளும் வலி மாத்திரையோ ஊசியோ போட்டிருக்கக் கூடாது. போட்டிருந்தால் அந்தச் சோதனை கணக்கில் இல்லை."

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். ஜூன் 7க்குள் எல்லாப் படியும் ஏறினால் இறங்கலாம், ஏறாவிட்டால் இறங்க முடியாது, ஏற முடியாது என்றே நான் நினைக்கிறேன் என்றேன். அவர் முகம் வாடியது. "ஒரு தேதி போட்டுக் குடுங்க சார், மாமாகிட்ட காட்டணும்," என்றார். தேதி போட்டுக் கொடுப்பது எனக்கும் எளிதுதான். ஆனால் தாளில் தேதி இருந்தால் அந்த நாளில் கால் எப்படி இருந்தாலும் அணி அவரை இறக்கிவிடும். கால் முன்கூட்டியே தேறினாலும் பயந்துகொண்டு காத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிபந்தனை போட்டேன். நிபந்தனையை அவர்கள் ஊரிலேயே, நான் இல்லாமலே அளக்க முடிய வேண்டும். கையில் இருப்பவை அவருடைய அக்காவின் தையல் டேப், ஒரு சுவர், சுண்ணாம்புக்கட்டி, கைப்பேசியின் நேரக்காட்டி. இந்த நான்கால் அளக்க முடியாத எதையும் தாளில் எழுதவில்லை. ஒரு படிக்கு மூன்றுக்கு மேல் நிபந்தனையும் வைக்கவில்லை. நான்காவதை யாரும் அளப்பதில்லை என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

அன்றே இடது காலின் அளவுகளை எடுத்து எழுதிக்கொண்டேன். இதைப் பலர் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். பாதத்தைத் தரையில் ஊன்றி, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். அப்படித் தொட முடிகிற அளவில் பெருவிரலைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடிகிறது என்று பார்த்தால் இடது 11 செ.மீ., வலது 4. முழங்காலை மடக்காமல் ஒற்றைக்காலில் குதிகால் தூக்குவது இடதில் 25 முறை. இடக்காலால் ஒரு தாவு தாவி அதே காலில் அசையாமல் நின்ற தூரம் 168 செ.மீ. வலது காலுக்கு அன்று தாவல் இல்லை.

முதல் படியின் வேலை வீக்கம் இறங்குவதும் நடை சீராவதும். காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்திருக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இந்த அளவு கிழிசலுக்கு அது தேவையில்லை. கயிறு கட்டும் துணி பிரேஸ் போட்டு, வலி அனுமதிக்கும் அளவுக்கு நடக்கலாம். பாதத்தை மேலும் கீழும் ஆட்டும் பயிற்சி நாளுக்குப் பல முறை. உட்காரும்போது கால் இடுப்புக்கு மேல் இருக்க வேண்டும். அடுத்த படிக்கு ஏற இரண்டே நிபந்தனை: சமதளத்தில் 10 நிமிடம் நொண்டாமல் நடக்க வேண்டும், மறுநாள் காலை வீக்கம் கூடியிருக்கக் கூடாது. நொண்டுகிறதா என்பதை அவரே சொல்லக் கூடாது. அக்கா பின்னால் நின்று கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். நொண்டுகிறவருக்குத் தன் நொண்டல் தெரிவதில்லை.

இரண்டாம் படியில் அசைவும் வலுவும் ஒற்றைக்கால் நிலையும். சைக்கிள் டியூபை மேசைக் காலில் கட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளும் பயிற்சி, குதிகால் தூக்குதல், பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது. இதற்கான நிபந்தனை சுவர்ச் சோதனையில் 9 செ.மீ., அதாவது இடது காலுக்கும் வலதுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது; குதிகால் தூக்குவது 23 முறை; ஒற்றைக்காலில் மறுகாலை ஊன்றாமல் 30 விநாடி.

எல்லாப் படிகளுக்கும் பொதுவாக ஒரு வரியைத் தாளின் நடுவில் பெட்டி கட்டி எழுதினேன். அதை 'மறுநாள் காலை விதி' என்று பிறகு அவர்களே அழைக்கத் தொடங்கினார்கள். எந்தப் புதிய வேலை செய்தாலும் அதன் தீர்ப்பு அன்று மாலையில் இல்லை, மறுநாள் காலையில்தான். படுக்கையிலிருந்து இறங்கி முதல் பத்து அடி நடக்கும்போது வலி பத்துக்கு இரண்டுக்கு மேல் இருந்தாலோ, கணுவைச் சுற்றி எட்டுப் போலச் சுற்றி எடுக்கும் டேப் அளவு முந்தைய நாளைவிட 1 செ.மீ. கூடியிருந்தாலோ, ஒரு படி கீழே இறங்க வேண்டும். தொடர்ந்து இரண்டு காலை தெளிவாக இருந்த பிறகே மீண்டும் ஏற வேண்டும். முதலில் அரை செ.மீ. என்றுதான் எழுதியிருந்தேன். பிறகு அவர் அக்காவை அளக்கச் சொல்லி நானும் அளந்தேன். ஒரே காலில், ஒரே நேரத்தில், எங்கள் இருவருக்கும் 0.6 செ.மீ. வித்தியாசம் வந்தது. அளவுகோலின் பிழையைவிடச் சிறிய வரம்பு வைத்தால் அவர் காரணமில்லாமல் இறங்கி ஏறிக்கொண்டே இருப்பார். அடித்துவிட்டு 1 செ.மீ. என்று திருத்தினேன்; எப்போதும் அக்காவே அளக்க வேண்டும் என்றும் சேர்த்தேன்.

மே 22க்குள் முதல் படியையும், மே 28இல் இரண்டாம் படியையும் தாண்டிவிட்டார். மூன்றாம் படி ஓட்டமும் தாவலும். அதில்தான் என் தாளின் ஓட்டை தெரிந்தது.

"கெட்டியான ஈர மணலில் 10 நிமிடம் மெதுவாக ஓடலாம்" என்று எழுதியிருந்தேன். உதிரி மணல் வேண்டாம் என்பதற்காகத்தான் ஈர மணல் என்றேன். அவர் மே 29 மாலை கடலோரமாகவே ஓடி, திரும்பியும் ஓடினார். மறுநாள் காலை டேப் 1.4 செ.மீ. கூடக் காட்டியது. அக்கா கைப்பேசியில் அழைத்தபோது முதலில் எனக்குப் புரியவில்லை. பத்து நிமிட மெது ஓட்டத்துக்கு இவ்வளவு வீக்கம் வரக் கூடாது. எந்த இடம், எந்தப் பக்கம் பார்த்து ஓடினார் என்று கேட்ட பிறகுதான் விளங்கியது. அலை அடித்துவிட்டுப் போகும் விளிம்பு கடலை நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் நீளவாக்கில் ஓடினால் கடல் பக்கத்துக் காலின் வெளிவிளிம்பு தாழ்ந்து, ஒவ்வொரு அடியிலும் பாதம் உட்பக்கமாகச் சாயும்; கரைப் பக்கத்துக் கால் அதற்கு நேர்மாறாகச் சாயும். வலது கை பக்கம் கடல் இருக்கும்படி ஓடிய நேரம் முழுவதும், கிழிந்த லிகமெண்டை இழுக்கும் அதே திசையில் அவர் பாதம் நூற்றுக்கணக்கான முறை சாய்ந்திருக்கிறது. கடற்கரையில் வளர்ந்தும் இதை எழுத எனக்குத் தோன்றவில்லை.

விதிப்படி ஒரு படி இறங்கினார். மே 31, ஜூன் 1 இரண்டு காலையும் தெளிவாக இருந்தன. தாளில் ஓட்டத்தைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றினேன். கடலோரம்தான் வேண்டுமென்றால் நீர் வடிந்து தட்டையாகக் கிடக்கும் நேரத்தில் மட்டும், கடல் இடது கைப் பக்கம் இருக்க, ஒரு திசையில் ஓடி, திரும்பி வருவதைச் சாலை வழியாக நடந்து வர வேண்டும் என்று எழுதினேன்.

மூன்றாம் படியின் நிபந்தனைகள்: 20 நிமிடம் தொடர் ஓட்டம், ஒற்றைக்கால் முன்தாவல் நல்ல காலில் 90 விழுக்காடு, 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு ஒற்றைக்காலில் பக்கவாட்டில் பத்து முறை போய்வரும் தாவலை, நல்ல கால் எடுக்கும் நேரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதமாகாமல் முடிப்பது. ஜூன் 6 மாலை, அதாவது செமி ஃபைனலுக்கு முந்தைய நாள், மாமாவே அவரை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். பக்கவாட்டுத் தாவல் சரியாக இருந்தது. முன்தாவலில் வலது கால் 150 செ.மீ.; இடது கால் 160. மாமா உடனே கைப்பேசியில் வகுத்துப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தி மூணுக்கு மேல வருதே சார், பாஸ்தானே?" என்றார்.

நான் முதல் நாள் குறிப்பைக் காட்டினேன். அன்று இடது கால் 168 தாவியது. கிட்டத்தட்ட நான்கு வாரம் ஆடாமலும் அதிகம் ஓடாமலும் இருந்ததில் நல்ல காலும் தளர்ந்து 160க்கு வந்துவிட்டது. தளர்ந்த காலோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 94 விழுக்காடு. அடிபட்ட வாரத்தின் காலோடு ஒப்பிட்டால் 89க்குச் சற்று மேல். இரண்டு கால்களும் சேர்ந்து இறங்கிக்கொண்டே போனால் விழுக்காடு மட்டும் அழகாக இருக்கும், ஆட்டக்காரர் ஆட்டத்துக்குத் தயாராக இருக்க மாட்டார். என் தாளில் '151 செ.மீ. அல்லது மேல்' என்று எண்ணாகவே எழுதியிருந்தது இதற்காகத்தான். ஒரு செ.மீ. தானே குறைகிறது என்று மாமா வாதாடினார். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. டேப்பும் காலும் ஒரு செ.மீ. துல்லியத்தில் பேசுவதில்லை, 90 என்ற எல்லையே வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட வழக்கம்தானே தவிர, அதற்கு மேல் போனால் மீண்டும் மடங்காது என்று நிரூபிக்கப்பட்ட எண் அல்ல. 2021இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் கருத்தொருமிப்புகூட வலி, கணுவின் அசைவும் வலுவும், ஆட்டக்காரரின் நம்பிக்கை, நிலைகொள்ளும் திறன், விளையாட்டில் செயல்பாடு என்ற ஐந்தையும் பார்க்க வேண்டும் என்கிறது; ஒவ்வொன்றுக்கும் இதுதான் எல்லை என்று உறுதியான எண்ணைக் கொடுப்பதில்லை.

ஆகவே நான் அந்த ஒரு செ.மீ.யைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 151 தாவியிருந்தாலும் மறுநாள் ஆட முடியாது. இன்னும் நான்காம், ஐந்தாம் படிகள் தொடப்படவே இல்லை என்று தாளைக் காட்டினேன். தம்பியிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டேன்: நாளைக்குக் கார்னர் இந்தக் காலைப் பிடித்தால் இழுப்பதற்கு இந்தக் காலை எவ்வளவு நம்புகிறாய், பத்துக்கு? கொஞ்சம் யோசித்து, "அஞ்சு" என்றார். மாமா அதற்கு மேல் பேசவில்லை. அணி செமி ஃபைனலில் தோற்றது. என்னால்தான் என்று ஊரில் சிலர் இன்னும் சொல்வதாகக் கேள்வி.

படகுக்கான படி இதற்குள் குறுக்கே வந்தது. அதைத் தாளில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே, எண் போடாமல் எழுதியிருந்தேன், ஏனென்றால் அது ஆட்டத்துக்கான படியல்ல. வேகம் தேவையில்லை, ஆனால் எதிர்பாராத அசைவு அதிகம். நிபந்தனைகளை நான்தான் யோசித்து வைத்தேன், எங்கிருந்தும் எடுக்கவில்லை: உதிரி மணலில் ஒற்றைக்காலில் நின்றபடி, எதிரில் நிற்பவர் எறியும் கயிற்றுச் சுருளைப் பத்து முறை பிடித்துத் திருப்பி எறிய வேண்டும், மறுகால் ஊன்றக் கூடாது, முழங்கால் உயரத் திண்ணையிலிருந்து குதித்து அடிபட்ட காலில் மட்டும் இறங்கித் தடுமாறாமல் நிற்க வேண்டும், இரண்டையும் செய்த மறுநாள் காலை தெளிவாக இருக்க வேண்டும். ஜூன் 12இல் செய்து முடித்தார். ஒரு இரவு தங்கித் திரும்பும் படகு அது. முதல் இரண்டு கடலோட்டத்துக்கு படகுத்துறையிலிருந்து படகுக்குத் தாவக் கூடாது, பலகை போட்டு ஏற வேண்டும், இது மட்டும் ஓட்டுநரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று எழுதினேன். பிளாஸ்டர் டேப் உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரத்தில் தளர்ந்துவிடும் என்பதால் துணி பிரேஸ்தான். அதையும் இரவில் ஓய்வு கிடைக்கும்போது கழற்றிக் காலை உலரவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் ஊறிப் புண்ணாகும். முதல் கடலோட்டம் முடிந்து வந்த காலை டேப் அரை செ.மீ. கூடுதலாகக் காட்டியது; விதிக்குள் அடங்கியது.

நான்காம் படி, தொடுதல் இல்லாத கபடி. காலி ஆடுகளத்தில் தனியாக ரைடு: நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் உள்ள பாக் கோட்டைத் தாண்டி, அதற்கு ஒரு மீட்டர் அப்பால் இருக்கும் போனஸ் கோட்டைக் காலால் தொட்டு, திரும்பி ஓடி வர வேண்டும். மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டேதான் செய்ய வேண்டும் என்று அழுத்தி எழுதினேன். ரைடு 30 விநாடி. மூச்சு முட்டும் கடைசி விநாடிகளில்தான் கால் கவனம் இழக்கிறது. வாயை மூடிக்கொண்டு செய்யும் பயிற்சியில் அந்த விநாடிகள் வராது. நிபந்தனை, இரண்டு நாளில் தலா 15 ரைடு. ஒவ்வொரு முறையும் கடைசி மூன்று ரைடு முதல் மூன்றைப் போலவே இருப்பதை அணியில் ஒருவர் படம் எடுத்து ஒப்பிட வேண்டும். முதல் நாள் பத்தாவது ரைடிலிருந்து அவர் வலக்காலை ஊன்றித் திரும்புவதை விட்டுவிட்டு, இரண்டு சிறு அடி கூடுதலாக வைத்து இடக்காலில் திரும்புவது படத்தில் தெரிந்தது. வலி இருந்ததா என்றால் இல்லை என்கிறார். தான் அப்படித் திரும்பியதே அவருக்குத் தெரியவில்லை. கடலுக்குப் போகாத நாட்களில் மட்டுமே பயிற்சி என்பதால் இந்தப் படி ஜூன் 27 வரை இழுத்தது.

ஐந்தாம் படியில்தான் பிடி. அடிபட்ட விதத்திலேயே பிடிபட்டுப் பார்க்காமல் ஆட்டத்துக்கு அனுப்பக் கூடாது என்பது என் நிலைப்பாடு. முதல் உண்மையான கணுக்கால் பிடியைப் போட்டியிலேயே சந்திக்க நேர்ந்தால், அதுதான் அவருக்குச் சோதனையாகிவிடும். அவருடைய அணியின் கார்னர் ஆட்டக்காரர், முறையில் மச்சான், நின்ற இடத்தில் முதலில் பாதி வலுவில் பிடித்தார். பிறகு ரைடில் வரும்போது பாதி வலுவில். பிறகு முழு வலுவில். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் ஒரு மறுநாள் காலை. நிபந்தனை, நான்கு முழுப் பயிற்சி வீக்கமில்லாமல் முடிய வேண்டும். நான்காவது பயிற்சி முடிந்து வியர்வை வடியும்போதே முன்தாவல் 151 செ.மீ. வர வேண்டும், நம்பிக்கைக் கேள்விக்கு விடை எட்டுக்குக் குறையக் கூடாது. ஓய்வெடுத்து வந்து தாவினால் காலின் நல்ல முகம் மட்டுமே தெரியும் என்பதால்தான் களைத்த பின் தாவச் சொன்னேன். ஜூலை 9இல் அவர் களைத்த காலால் 156 தாவினார். நம்பிக்கைக்கு எட்டு என்றார்.

தாளின் அடியில் இரண்டு வரி எஞ்சியிருந்தன. ஒன்று, ஆறு வாரம் கழித்தும் மூட்டின் உள்ளே ஆழமான வலியோ, பூட்டிக்கொள்வது போன்ற உணர்வோ இருந்தால் ஸ்கேன் எடுக்க வர வேண்டும். லிகமெண்டோடு சேர்ந்து மூட்டுக்குள்ளிருக்கும் குருத்தெலும்பும் அடிபட்டிருக்கக் கூடும், அது தொடக்கத்தில் தெரியாது. இன்னொன்று, அடுத்த ஓராண்டுக்கு ஆடும்போதெல்லாம் பிரேஸ் அல்லது பிளாஸ்டர் டேப், வாரத்தில் மூன்று நாள் ஒற்றைக்கால் பயிற்சி. ஏற்கெனவே மடங்கிய கால் மறுபடி மடங்குவதை இந்த இரண்டும் குறைக்கின்றன என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. களத்தில் கடின பிளாஸ்டிக் பட்டை உள்ள பிரேஸ் வேண்டாம் என்றேன். பிடிக்க வருபவரின் விரல் அதில் சிக்கும்.

ஜூலை 13 இரவு பக்கத்து ஊர்ப் போட்டியில் இறங்கினார். முதல் ஆட்டத்தில் பத்து ரைடுக்கு மேல் அனுப்ப வேண்டாம் என்று மாமாவிடம் கேட்டிருந்தேன், ஒன்பது போனார். ஏழாவதில் வலது கணுக்காலைப் பிடித்தார்கள். பிடியோடு இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டார் என்று மச்சான் சொன்னார். எனக்கு வேண்டியிருந்தது மறுநாள் காலைச் செய்தி. ஏழு மணிக்கு அக்கா அனுப்பினார்: டேப் அளவில் மாற்றமில்லை.

அந்தத் தாளின் நகலை இப்போது எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த தடைக்காலத்துக்குள் இன்னும் பல கணுக்கால்கள் வரும். படிகள் ஆளுக்கு ஆள் மாறும். படகில்லாதவருக்குப் படகு வரி தேவையில்லை. ஆனால் மூன்றாம் படியில் கடல் எந்தக் கைப் பக்கம் இருக்க வேண்டும் என்ற வரியில், அடிபட்ட காலைப் பொறுத்து நிரப்பிக்கொள்ள ஒரு கோடிட்ட இடம் விட்டு அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன்.